குடோன், கன்டெய்னர், லாரி: கோடை வெப்பம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செங்குன்றம், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துக் குடோன்களில் பல வருடம் ஷிஃப்ட் சூப்பர்வைசராக இருந்துவிட்டு, இப்போது அதே இடங்களில் பாதுகாப்புப் பயிற்சி கொடுக்கிறேன். ஒவ்வொரு மார்ச் மாதமும் திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். கன்டெய்னரில் லோடு இறக்குவதைப் பற்றித்தான் அதிகம் பேசியிருக்கிறேன். ஆட்கள் சுருண்டு விழுந்ததை நான் பார்த்தது பெரும்பாலும் அங்கேதான்.

நாங்க நிழல்லதானே வேலை பார்க்கறோம். வெயில்ல நிக்கறவங்களுக்குத்தானே பிரச்சினை?

உடம்பைச் சூடாக்குவது வெயில் மட்டும் இல்லை. இருபது கிலோ பெட்டியைத் தூக்கி அடுக்கும்போது தசைகளே நிறைய வெப்பத்தை உண்டாக்குகின்றன. அந்த வெப்பம் வெளியேற உடம்புக்கு இருக்கும் முக்கியமான வழி வியர்வை. வியர்வை வழிந்து தரையில் சொட்டினால் பயனில்லை, அது தோலின் மேலேயே காய வேண்டும். காற்றில் ஈரம் அதிகமாகவும் ஓட்டம் இல்லாமலும் இருந்தால் அது காயாது. சென்னைப் பக்கத்துக் கோடை அப்படித்தான் இருக்கும். சட்டையைப் பிழிந்தால் தண்ணீர் கொட்டும், ஆனால் உடம்பு குளிர்ந்திருக்காது.

இதற்கு மேல் ஷீட் கூரை இருக்கிறது. பதினோரு மணிக்குப் பிறகு அது அடுப்பு போலக் கீழ்நோக்கி வெப்பத்தை வீசும். ரேக்கின் மேல்தட்டில் சரக்கு எடுப்பவருக்கும் தரையில் நிற்பவருக்கும் ஒரே சூடு இல்லை. வெப்பக் காற்று மேலே போய்த் தங்குவதால் மேலே இருப்பவருக்கு எப்போதும் அதிகம்.

எல்லாவற்றையும் விட மோசமான இடம் கன்டெய்னரின் உள்முனை. நாற்பது அடி நீள இரும்புப் பெட்டிக்கு ஒரே ஒரு வாசல். யார்டில் மூன்று மணி நேரம் வெயிலில் நின்ற கன்டெய்னரைத் திறந்து, உள்சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். வைத்த கையை உடனே எடுத்துவிடுவீர்கள். சுற்றிலும் அந்தச் சுவர்கள் இருக்க, நடுவில் நின்றுதான் ஒருவர் பெட்டி தூக்குகிறார்.

எத்தனை நிமிஷத்துக்கு ஒரு தடவை ஓய்வு விடணும்? சரியான கணக்கு ஏதாவது இருக்கா?

இருக்கிறது. அமெரிக்க அரசின் தொழில் பாதுகாப்பு, சுகாதார ஆய்வு நிறுவனமான நியோஷ் வெளியிட்ட அட்டவணையைத்தான் நான் பயன்படுத்துகிறேன். அதற்கு வெப்பமானியும் ஈரப்பதமானியும் போதும். இரண்டும் சேர்ந்த சின்னக் கருவி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதை ஏசி அறையில் மாட்டாமல், ஆள் வேலை செய்யும் இடத்தில், நெஞ்சு உயரத்தில் மாட்டுங்கள்.

ஒரு நாளை எடுத்துக்கொண்டு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மே மாதம், மதியம் பன்னிரண்டரை மணி. லாரியை நிறுத்தி லோடு இறக்கும் டாக் பக்கத்தில் 36 டிகிரி செல்சியஸ், ஈரப்பதம் 50 சதவீதம். அட்டவணை பாரன்ஹீட்டில் இருப்பதால் 36 டிகிரியை 97 என்று வைத்துக்கொள்கிறோம். ஈரப்பதம் 50 சதவீதம் என்றால் 6 டிகிரி கூட்டச் சொல்கிறது. ஆக 103. கூரைக்கு அடியில் இருப்பதால் வெயிலுக்குத் தனியாகக் கூட்ட வேண்டாம். திறந்த யார்டில் முழு வெயிலில் நின்றால் இன்னும் 13 கூட்ட வேண்டும். 103 டிகிரியில் கடினமான வேலைக்கு அட்டவணை சொல்வது 20 நிமிட வேலை, 40 நிமிட ஓய்வு. நடுத்தர வேலைக்கு 30 நிமிடம் வேலை, 30 நிமிடம் ஓய்வு. உட்கார்ந்து செய்யும் இலகுவான வேலையை வழக்கம்போல் செய்யலாம்.

இந்த எண்களைப் பயிற்சியில் எழுதிக் காட்டும்போது எல்லோரும் சிரிப்பார்கள். ஒரு மணி நேரத்தில் நாற்பது நிமிடம் சும்மா உட்காரவா என்று கேட்பார்கள். ஆனால் இதுவும் வெப்பத்துக்குப் பழகிய, உடல்நலத்தோடு இருக்கிற ஆளுக்குப் போட்ட கணக்கு. காற்றோட்டம் ஓரளவு இருக்கிறது என்று வைத்துப் போட்ட கணக்கும்கூட. கன்டெய்னரின் உள்முனையில் அந்தக் காற்றோட்டமும் கிடையாது.

நாங்கள் செய்தது இதுதான். ஒரு கன்டெய்னருக்கு ஆறு லோடுமேன்கள். அவர்களை இரண்டிரண்டு பேராக மூன்று ஜோடியாகப் பிரித்தோம். ஒரு ஜோடி உள்ளே பெட்டி இறக்கும். இன்னொரு ஜோடி ஃபேனுக்கு அடியில் ஸ்டூலில் உட்கார்ந்து ஸ்கேன் செய்து ஸ்டிக்கர் ஒட்டும். மூன்றாவது ஜோடி முழு ஓய்வில் இருக்கும். இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை மணி அடிக்கும், மூன்று ஜோடியும் இடம் மாறும். ஸ்கேன் செய்வது முழு ஓய்வுக்குச் சமம் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு ஆள் மணிக்கு இருபது நிமிடத்துக்கு மேல் அந்த இரும்புப் பெட்டிக்குள் நிற்பதில்லை.

மணி அடிப்பது முக்கியம். "முடியாதவங்க ரெஸ்ட் எடுத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டால் யாருமே எடுக்க மாட்டார்கள். கூட இருப்பவன் தூக்கிக்கொண்டிருக்கும்போது தான் மட்டும் போய் உட்கார எந்த லோடுமேனுக்கும் மனசு வராது.

அப்படி ஓய்வு விட்டா லோடு எப்போ முடியறது? கூலி எப்படிக் கட்டும்?

வெப்பத்தால் விழுகிறவர்களில் பலரை இந்தக் கூலி முறைதான் விழ வைக்கிறது என்பது என் அனுபவம். லோடுக்கு இவ்வளவு என்று பேசியிருந்தால், ஓய்வு எடுக்கும் ஒவ்வொரு நிமிடமும் தொழிலாளியின் பையிலிருந்து போகிறது. சீக்கிரம் முடித்தால் அடுத்த லோடு கிடைக்கும். அதனால் கன்டெய்னருக்குள் போனால் முடித்துவிட்டுத்தான் வெளியே வருவார்கள்.

நான் பார்த்தவரை இரண்டு வழி வேலை செய்தது. ஒன்று, ஏப்ரலிலிருந்து ஜூன் வரை கன்டெய்னர் இறக்குவதைக் காலை ஆறு மணிக்கு ஆரம்பித்துப் பத்து மணிக்குள் முடிப்பது. விடியற்காலையில் ஈரப்பதம் அதிகமாக இருந்தாலும், இரவெல்லாம் ஆறிய இரும்பு அப்போது சுடாது. இன்னொன்று, மதியம் வேறு வழியே இல்லை என்றால், அந்த மூன்று மாதத்துக்கு மட்டும் லோடு கூலியை விட்டுவிட்டு நாள் கூலி கொடுப்பது, அல்லது ஓய்வு நேரத்துக்கும் சேர்த்து லோடு கூலியை உயர்த்துவது.

நேரம் கூடத்தான் செய்யும். ஆறு பேர் மூன்று மணி நேரத்தில் முடித்த கன்டெய்னர், ஜோடி மாற்றும் முறையில் எங்களுக்குக் கிட்டத்தட்ட நான்கு மணி நேரம் ஆனது. ஆனால் முதல் மணி நேரத்தில் இருந்த வேகம் கடைசி வரை குறையவில்லை. பெட்டி கீழே விழுந்து உடைவதும் நின்றது. நிர்வாகத்திடம் பேசப் போனால் இந்த ஒரு மணி நேரத்தை மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

தாகம் எடுத்தா குடிச்சா போதாதா? எவ்வளவுதான் குடிக்கணும்?

போதாது. தாகம் எடுப்பதற்குள் உடம்பு ஏற்கெனவே கொஞ்சம் வற்றியிருக்கும். வியர்க்க வியர்க்க வேலை செய்யும்போது பதினைந்து, இருபது நிமிடத்துக்கு ஒரு டம்ளர், அதாவது 240 மில்லி குடிக்க வேண்டும். மணிக்கு முக்கால் லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை ஆகும். மூன்று மணி நேரம் குடிக்காமல் இருந்துவிட்டு ஒரேயடியாக ஒரு லிட்டரை ஊற்றிக்கொள்வது அதற்கு ஈடாகாது. மணிக்கு ஒன்றரை லிட்டரை எட்டும் அளவுக்கு வெறும் தண்ணீரையே குடிப்பதும் ஆபத்து. ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய்த் தலைவலி, வாந்தி, குழப்பம் வரும். அது பார்ப்பதற்கு வெப்பத் தாக்கு போலவே இருக்கும்.

கேன் கணக்கு போட்டுப் பாருங்கள். பன்னிரண்டு பேர், வெப்பம் அதிகமான நான்கு மணி நேரம், ஆளுக்கு மணிக்கு ஒரு லிட்டர் என்றால் 48 லிட்டர். இருபது லிட்டர் கேன் கிட்டத்தட்ட இரண்டரை. பல டாக்குகளில் மொத்த ஷிஃப்டுக்கும் ஒரே ஒரு கேன்தான் நிற்கிறது, அதுவும் கேன்டீன் பக்கத்தில் இருக்கிறது. இருநூறு அடி நடந்து போய் யாரும் இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை குடிக்க மாட்டார்கள். டாக் வாசலிலேயே, ஜோடி மாறும் இடத்தில், நிழலில் வையுங்கள். ஆளுக்கு ஒரு பாட்டில் கொடுத்துப் பெயர் எழுதிவிட்டால் யார் குடிக்கவில்லை என்பதும் தெரிந்துவிடும். தண்ணீர் சூடாக இருந்தால் இரண்டு மடக்கோடு நிறுத்திவிடுவார்கள். மண்பானைத் தண்ணீர் அளவுக்குக் குளிர்ந்திருந்தால் போதும்.

ஓ.ஆர்.எஸ்., உப்பு மாத்திரை, கூல்டிரிங்க்ஸ்… இதுல எது நல்லது?

உப்பு மாத்திரை வேண்டவே வேண்டாம். வயிற்றைப் புரட்டும். ஒழுங்காகச் சாப்பிட்டு வேலைக்கு வருபவருக்கு முதல் இரண்டு மணி நேரம் வெறும் தண்ணீரே போதும். அதற்கு மேலும் வியர்த்துக் கொட்டினால் உப்புப் போட்ட நீர்மோர், அல்லது ஓ.ஆர்.எஸ். கொடுக்கலாம். பெரிய பாக்கெட்டை முழு ஒரு லிட்டர் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். ஒரு டம்ளரில் பாக்கெட்டைக் கொட்டிக் கலக்கிக் குடிப்பதைப் பார்த்திருக்கிறேன், அது தவறு. மருந்துக்கடையில் அட்டைப் பெட்டியில் விற்கும் இனிப்புப் பானங்களையும் ஓ.ஆர்.எஸ். என்று நினைத்து வாங்க வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி தயாரித்தது என்று பாக்கெட்டில் எழுதியிருக்கிறதா பாருங்கள். பி.பி., சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் உப்புக் கலந்த பானத்தைத் தொடர்ந்து குடிக்கக் கூடாது.

பாத்ரூம் போக வேண்டி வருமேன்னு காலையிலேர்ந்து தண்ணியே குடிக்கறதில்லை. தப்பா?

உங்கள் மேல் தப்பு இல்லை. பேக்கிங் வேலை செய்யும் பெண்கள் பலர் இதைச் சொல்லியிருக்கிறார்கள். கழிப்பறை தூரமாக இருக்கும், தாழ்ப்பாள் இருக்காது, போய்வரும் நேரத்தைச் சூப்பர்வைசர் எண்ணிக்கொண்டிருப்பார். அப்படிப்பட்ட இடத்தில் எத்தனை கேன் வைத்தாலும் தண்ணீர் அப்படியே இருக்கும். அதனால் குடிநீர் ஏற்பாட்டைப் பற்றிப் பேசும் எந்தக் கூட்டத்திலும் நான் முதலில் கழிப்பறையைத்தான் கேட்பேன்.

நீங்கள் போதுமான அளவு குடிக்கிறீர்களா என்பதைச் சிறுநீரின் நிறமே காட்டிவிடும். வெளிறிய மஞ்சளாக இருந்தால் சரி. தேன் நிறத்துக்கு வந்தால் வற்றிக்கொண்டிருக்கிறீர்கள். கடினமாக வேலை செய்த மறுநாளோ அதற்கடுத்த நாளோ கோலா நிறத்தில், தசைவலியோடு போனால் அது தசை சிதைந்து சிறுநீரகத்துக்குப் போவதன் அறிகுறியாக இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

ஃபேன் போட்டுத்தான் இருக்கோம். ஆனாலும் கன்டெய்னர் உள்ளே வேகுதே, ஏன்?

ஃபேன் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் வாசலின் நடுவில் நிற்கும். அந்தக் காற்று பத்துப் பதினைந்து அடி போய், அடுக்கிய பெட்டிகளில் மோதித் திரும்பிவிடும். உள்முனையில் நிற்பவருக்கு எதுவும் போய்ச் சேராது. ஸ்ட்ரெட்ச் ஃபிலிமில் ஒரு விரல் அகலத்துக்குக் கிழித்து, அவர் நிற்கும் இடத்தில் முக உயரத்தில் பிடித்துப் பாருங்கள். அது அசையாமல் தொங்கினால் அவருக்குக் காற்று இல்லை.

உள்ளே போகும் காற்றுக்கு ஒரு வழியும் வெளியே வரும் காற்றுக்கு இன்னொரு வழியும் வேண்டும். மேன்கூலர் என்கிற அந்தப் பெரிய ஃபேனை வாசலின் ஒரு ஓரமாக நகர்த்தி, மடக்குக் குழாய் ஒன்றை அதில் மாட்டி, உள்முனை வரைக்கும் இழுத்துவிடுங்கள். வாசலின் மறுபாதியைக் காலியாக விடுங்கள், சூடான காற்று அந்த வழியாக வெளியேறும். கதவைத் திறந்து அரை மணி நேரமாவது இப்படிக் காற்றை ஓட்டிய பிறகு ஆளை உள்ளே அனுப்புங்கள்.

குடோனுக்கும் இதே விதிதான். கூரையில் டர்போ வென்டிலேட்டர் வரிசையாக வைத்திருப்பார்கள். ஆனால் சுவரின் அடிப்பக்கத்து லூவர்களைச் சரக்கு அடுக்கி மறைத்திருப்பார்கள். கீழே காற்று நுழையாவிட்டால் மேலே எதுவும் வெளியேறாது. புதிதாக ஒன்றும் வாங்குவதற்கு முன் அந்தப் பேலட்டுகளை இரண்டடி தள்ளி வையுங்கள்.

பெரிய ஏர் கூலர் வாங்கிப் போட்டா சரியாகிடுமா?

ஊரைப் பொறுத்தது. தண்ணீரை ஆவியாக்கிக் குளிர்விக்கும் கூலர், சேலம், கரூர் போன்ற வறண்ட இடங்களில் நன்றாக வேலை செய்யும். கடலோரத்தில், அதுவும் மூடிய குடோனில் வைத்தால் ஈரத்தைத்தான் ஏற்றும், வியர்வை காயாது. சென்னைப் பக்கம் என்றால் அந்தப் பணத்தில் கூரைக்கு வெயிலைத் திருப்பியடிக்கும் வெள்ளைப் பூச்சு அடிக்கச் சொல்வேன். ஓய்வு எடுக்கும் சின்ன அறைக்கு மட்டும் ஒரு ஏசி போடலாம்.

மயங்கி விழறதுக்கு முன்னாடியே எப்படிக் கண்டுபிடிக்கறது?

உடம்பில் தெரிவதற்கு முன்பே பல சமயம் வேலையில் தெரிந்துவிடும். ஒரு மே மாத மதியம் எங்கள் டாக்கில் ஒரு பையன். எப்போதும் பாட்டுப் பாடிக்கொண்டு வேலை செய்பவன், அன்று பேச்சே இல்லை. கொஞ்ச நேரத்தில் ஒரே பெட்டியை இரண்டு தடவை ஸ்கேன் செய்தான். ஸ்டிக்கரைத் தலைகீழாக ஒட்டினான். கேட்டதற்கு எரிந்து விழுந்தான். தூக்கம் போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்துவிட்டேன். பத்து நிமிடத்தில் பேலட்டில் கால் தடுக்கிச் சரிந்தான். நல்லவேளை, பிழைத்துக்கொண்டான். அந்தப் பத்து நிமிடத்தை நான் கவனித்திருக்க வேண்டும்.

அதனால் இப்போது சொல்லிக்கொடுப்பது இதுதான்: அமைதியாகிவிட்டவர், எரிச்சல்படுபவர், சின்னச் சின்னத் தப்பு செய்பவர், கைப்பிடி நழுவவிடுபவர் யாராக இருந்தாலும் உடனே வெளியே கூப்பிடுங்கள். ஜோடியாக வேலை செய்வதில் இது ஒரு பெரிய பலன், ஒருவரை இன்னொருவர் பார்த்துக்கொண்டிருப்பார். உடம்பின் அறிகுறிகள் அடுத்து வரும். காலிலோ வயிற்றிலோ பிடிப்பு, தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு, வெளிறிப்போய்ப் பிசுபிசுத்த தோல். இந்தக் கட்டத்தில் நிழல், காற்று, தண்ணீர் கொடுத்துப் படுக்கவைத்தால் பெரும்பாலும் தேறிவிடுவார். அன்றைக்கு மறுபடி கன்டெய்னருக்குள் அனுப்பக் கூடாது.

பேச்சுக் குழறினாலோ, குழப்பம், தள்ளாட்டம், வலிப்பு என்று வந்தாலோ அது வெப்பத் தாக்கு. பெயர் என்ன, இன்றைக்கு என்ன கிழமை, எந்த டாக்கில் நிற்கிறாய் என்று கேளுங்கள். தடுமாறினால் உடனே செயலில் இறங்குங்கள். "வியர்க்குதே, அப்போ வெப்பத் தாக்கு இல்லை" என்று நினைப்பது உயிரை வாங்கும் தப்பு. உழைத்துக்கொண்டிருக்கும்போது விழுபவருக்குக் கடைசிவரை வியர்த்துக்கொண்டே இருக்கலாம்.

அப்படி ஒருத்தர் விழுந்துட்டா முதல்ல என்ன செய்யணும்? தூக்கிட்டு ஓடணுமா?

ஒருவர் 108-க்கு அழைக்கட்டும், மற்றவர்கள் அதே இடத்தில் குளிர்விக்க ஆரம்பியுங்கள். உள்ளுடம்பு 40 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருக்கும். எவ்வளவு நேரம் அப்படி இருக்கிறதோ அவ்வளவுக்கு மூளையும் ஈரலும் சிறுநீரகமும் கெடும். அரை மணி நேரத்துக்குள் இறக்கிவிட்டால் பிழைக்கும் வாய்ப்பு மிக அதிகம். ஆட்டோவில் ஏற்றி நெரிசலில் நாற்பது நிமிடம் ஓட்டிப் போனால் அந்த நேரம் வழியிலேயே போய்விடும்.

லாரி நிற்கும் இடத்தில் இதற்கு அருமையான சாமான் ஒன்று எப்போதும் இருக்கிறது, தார்ப்பாய். நிழலில் விரித்து அவரை அதன் நடுவில் படுக்கவையுங்கள். சட்டை, ஷூ, பெல்ட்டைக் கழற்றுங்கள். நான்கைந்து பேர் ஓரங்களைத் தூக்கிப் பிடித்தால் தொட்டி மாதிரி ஆகிவிடும். கேன் தண்ணீரை அதில் ஊற்றி, ஐஸ் கிடைத்தால் போட்டு, மெல்ல ஆட்டிக்கொண்டே இருங்கள். தலை வெளியே இருக்கட்டும், ஒருவர் தலையை மட்டுமே பிடித்துக்கொள்ளட்டும். ஆம்புலன்ஸ் வரும்வரை, அல்லது அவர் தெளிவாகப் பேச ஆரம்பிக்கும்வரை இதை நிறுத்தாதீர்கள். தார்ப்பாய் இல்லாவிட்டால் ஹோஸால் உடம்பு முழுக்க நனைத்து ஃபேனைத் திருப்பிவிடுங்கள்.

நினைவு தெளியாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குப் போய்விடும். பாராசிட்டமால் கொடுப்பதிலும் பயனில்லை, இது காய்ச்சல் இல்லை.

ஊருக்குப் போயிட்டு நேத்துதான் வந்தான், நல்ல திடமான பையன். அவன் ஏன் விழணும்?

பலசாலியாக இருப்பதும் வெப்பத்துக்குப் பழகியிருப்பதும் ஒன்று இல்லை. தினமும் வெப்பத்தில் வேலை செய்தால்தான் ஒன்றிரண்டு வாரத்தில் உடம்பு சீக்கிரமாகவும் அதிகமாகவும் வியர்க்கக் கற்றுக்கொள்ளும், வியர்வையில் உப்பு போவதும் குறையும். ஒரு வாரத்துக்கு மேல் விடுப்பில் இருந்தால் அந்தப் பழக்கம் குறைய ஆரம்பித்துவிடும். புதியவருக்கு முதல் நாள் வெப்பத்தில் வேலையை வழக்கமானதில் ஐந்தில் ஒரு பங்காக வைத்து, நாளுக்கு இன்னொரு பங்கு கூட்ட வேண்டும். பழையவர் விடுப்பு முடிந்து வந்தால் முதல் நாள் பாதி, அப்புறம் 60, 80 சதவீதம், நான்காம் நாள் முழு வேலை. பீகார், ஒடிசாவிலிருந்து வரும் தம்பிகளுக்கு இதைத் தமிழில் மட்டும் சொல்லிவிட்டு நகராதீர்கள். "தலை சுத்துது" என்பதை அவர்கள் மொழியில் எப்படிச் சொல்வார்கள் என்று சூப்பர்வைசர் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

நான் லாரி டிரைவர். எனக்கு இதெல்லாம் எப்படிப் பொருந்தும்?

உங்களுக்கு ஆபத்தான நேரம் ஓடும்போது இருப்பதைவிட நிற்கும்போது அதிகம். துறைமுக வரிசையிலும் குடோன் வாசலிலும் மணிக்கணக்காகக் கேபினில் காத்திருக்கிறீர்கள். எஞ்சின் சூடு கீழிருந்து வருகிறது, காற்று நின்றுவிடுகிறது. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் புது லாரிகளின் கேபினில் ஏசி கட்டாயம். ஆனால் சாலையில் ஓடும் பெரும்பாலான வண்டிகள் அதற்கு முந்தியவை. குடோன் நடத்துபவர்களிடம் நான் கேட்பது இது: டோக்கன் போட்டதும் டிரைவரையும் கிளீனரையும் கேபினிலேயே இருக்கச் சொல்லாமல், ஃபேனும் தண்ணீரும் கழிப்பறையும் உள்ள ஓர் இடத்தில் உட்காரவையுங்கள்.

மூன்று மணி நேரம் வெந்துகொண்டு உட்கார்ந்துவிட்டு, உடனே மேலே ஏறித் தார்ப்பாய் கட்டுவதுதான் கிறுகிறுத்து விழ வைக்கும் இடம், அதுவும் பத்தடி உயரத்திலிருந்து. இறங்கி, நிழலில் பத்து நிமிடம் நின்று, இரண்டு டம்ளர் குடித்துவிட்டு ஏறுங்கள். பகலில் தூங்க வேண்டியிருந்தால் மூடிய கேபினில் படுக்காமல், நிறுத்திய வண்டியின் கீழ் படுக்கவும் செய்யாமல், மரநிழலில் கட்டிலோ பாயோ போட்டுப் படுங்கள். பி.பி.க்கோ நீர் இறங்கவோ மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால், சில மாத்திரைகள் வெப்பத்தைத் தாங்கும் திறனைக் குறைக்கும். நீங்களாக நிறுத்த வேண்டாம். மார்ச் மாதமே மருத்துவரிடம் மாத்திரைச் சீட்டைக் காட்டி, "நான் லாரி ஓட்டுறேன், கேபின்ல ஏசி இல்லை" என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள்.